குப்பன் எங்கே போனான்? பெயர் மாறும் பாத்திரத்தில் நேரும் பிழைகள்

எங்கள் ஊருக்கே இரண்டு பெயர். 2007-ல் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஆனால் பஸ்ஸில் ஏறும் கிழவியைக் கேட்டுப் பாருங்கள், "பத்தாங் பெர்ஜுந்தை" என்றுதான் சொல்வாள். போர்டு ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது. இதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும், நாவல் எழுத உட்கார்ந்தபோது எனக்கு இது உறைக்கவில்லை.

நாவலின் நாயகனுக்கு நான்கு பெயர் வைத்திருந்தேன், வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. 1924-ல் தோட்டத்தில் குப்பனாகப் பிறக்கிறான். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிழைத்துத் திரும்பியதும் லயத்தில் அவன் பெயர் 'சயாம்காரன்'. பிறகு வேறு தோட்டத்துக்குப் போய், பாதையில் செத்துப்போன கூட்டாளியின் பெயரைக் கொடுத்து வேலைக்குச் சேர்ந்து மாரிமுத்து ஆகிறான். கடைசியில் டவுனுக்கு வந்து ஒட்டுக்கடை போட்டு 'கடைக்காரத் தாத்தா'. முதல் வரைவைப் படித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, 140-ஆம் பக்கத்துல மாரிமுத்துன்னு ஒருத்தன் வர்றானே, யாரு அவன்? குப்பன் எங்க போனான்?"

"அவன்தான் சார் இவன்."

"அதை நீ எங்கிட்ட சொல்ற. புத்தகத்துல சொல்லலியே."

உண்மையில் சொல்லியிருந்தேன். 'இனி அவன் மாரிமுத்து' என்று அத்தியாயத்தின் கடைசி வரியாகவே எழுதியிருந்தேன். அந்த ஒற்றை வரியில் ஆள் மாறிவிடுவான் என்று நம்பியதுதான் தவறு.

பெயர் பாத்திரத்தின் சட்டைப்பையில் இருப்பதில்லை, கூப்பிடுகிறவர்களின் வாயில் இருக்கிறது. அதனால் ஒரு பெயர் ஒரே நாளில் எல்லோருக்கும் மாறாது. நான் போட்டிருந்த அட்டவணையில் இரண்டே பத்தி: ஆண்டு, பெயர். மூன்றாவதாக 'யார் கூப்பிடுவது' என்று ஒரு பத்தி சேர்த்ததும் பாதி ஓட்டைகள் தானாகத் தெரிந்தன. அவன் அக்காள் சாகும்வரை "குப்பா" என்றுதான் கூப்பிடுவாள். மாரிமுத்து என்கிற பெயர் கிராணிக்கும் மண்டோருக்கும் ஆபீசுக்கும் உரியது. மளிகைக்கடைச் சீனத் தவுக்கே அதில் பாதியை வெட்டிவிட்டு "முத்து" என்பார். அப்புறம் பெண்டாட்டி. அந்தக் காலத்துப் பெண் புருஷன் பெயரை வாயால் சொல்வாளா? "இந்தாங்க", பிள்ளை பிறந்தபிறகு "பெரிய பாப்பா அப்பா". என் வரைவில் அவள் 60 பக்கங்களுக்கு "மாரிமுத்து, மாரிமுத்து" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவன் உண்மைப் பெயரும் தெரியாது, பொய்ப் பெயரையும் சொல்ல மாட்டாள். இதைவிட நல்ல இடம் நாவலாசிரியனுக்கு எங்கே கிடைக்கும்? தூக்கிக் குப்பையில் போட்டிருந்தேன்.

கூப்பிடும் ஆட்களை இப்படிப் பிரித்தபிறகு கதைசொல்லி எந்தப் பெயரைப் பயன்படுத்துவது என்ற கேள்வி மிச்சம். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, கதைசொல்லி கடைசிவரை ஒரே பெயரில் நிற்பது. உரையாடலில் ஊர் என்ன சொன்னாலும் சரி, விவரிக்கும்போது அவன் எப்போதும் குப்பன். வாசகருக்குக் குழப்பமே வராது, ஆனால் உருமாற்றத்தின் காரம் குறையும். இன்னொன்று, கதைசொல்லியும் கூடவே மாறுவது. அப்படி மாறினால் புதிய பெயரை முதலில் இன்னொருவர் வாயில் வரவிட்டு, பாத்திரம் அதற்குப் பழகியபிறகுதான் விவரிப்பில் எடுக்கவேண்டும். அந்த இடைவெளி எனக்குக் குறைந்தது இரண்டு காட்சிகளாவது தேவைப்பட்டது. மிக மோசமானது இரண்டையும் கலப்பது. ஒரே பக்கத்தில் 'குப்பன் வாளியை எடுத்தான், மாரிமுத்து கித்தா மரத்தை நோக்கி நடந்தான்' என்று எழுதினால், வாளி எடுத்தவன் ஒருவன், நடந்தவன் வேறொருவன் என்றுதான் படிப்பார்கள்.

நான் திருத்திய காட்சி இது. விடியுமுன் பெரட்டு. கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார்.

'"மாரிமுத்து!" பதில் இல்லை. "மாரிமுத்து!" குப்பன் கூட்டத்தில் செத்தவனைத் தேடினான். பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்தான். "உன்னையத்தான்யா." அப்போதுதான் அவன் வாயிலிருந்து வந்தது: "இருக்கேங்க."'

இங்கே விவரிப்பு இன்னும் குப்பன் என்றே சொல்கிறது. அடுத்த காட்சியிலும் குப்பன்தான். ஆனால் அங்கே முதல் கூப்பாட்டிலேயே பதில் சொல்லிவிடுகிறான். மூன்றாவது காட்சியில், அக்காள் தேடி வந்து லயத்து வாசலில் நின்று "குப்பா" என்கிறாள், அவன் திரும்பவில்லை. அந்த வரியிலிருந்து கதைசொல்லிக்கும் அவன் மாரிமுத்து. 'இனி' என்ற வார்த்தையே வேண்டியிருக்கவில்லை.

தமிழில் எழுதும்போது இதோடு இன்னொரு கண்ணி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வினைமுற்று. லயத்துச் சிறுவன் 'வந்தான்', ஒட்டுக்கடைத் தாத்தா 'வந்தார்'. எங்கோ ஓரிடத்தில் ஆன் விகுதி ஆர் ஆகவேண்டும். நான் பெயரையும் விகுதியையும் ஒரே அத்தியாயத் தொடக்கத்தில் சேர்த்து மாற்றியிருந்தேன். வாசகர் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு கயிறும் ஒரே சமயத்தில் அறுந்தன. இப்போது ஒன்றை மாற்றும்போது மற்றதைத் தொடுவதில்லை. குப்பன் மாரிமுத்து ஆகும்போது 'அவன்' அப்படியே தொடர்கிறான். டவுனுக்கு வந்தபிறகு, மாரிமுத்து என்ற பெயர் நன்றாக ஊன்றியபின், மகளின் பார்வையில் சொல்லப்படும் ஓர் அத்தியாயத்தில் 'அப்பா வந்தார்' என்று விகுதி மாறுகிறது. மகள் அப்படித்தானே சொல்வாள், அதனால் யாருக்கும் இடறவில்லை. 'கடைக்காரத் தாத்தா' அதற்கும் பிறகு.

எல்லாப் பெயர்களுக்கும் அடியில் மாறாத ஒன்று வேண்டும். இதை நான் முதலில் தவறான இடத்தில் வைத்தேன். சயாமில் வந்த கால் புண்ணின் தழும்பை அடையாளமாக்கினேன். பாதையில் வேலை செய்தவர்களை அந்தப் புண் பாடாய்ப் படுத்தியது உண்மைதான். ஆனால் அது இரண்டாவது பெயரோடு வந்த தழும்பு. முதல் பெயர்க்காரனிடம் இல்லாதது எப்படி எல்லோரையும் இணைக்கும்? விடை 'குப்பன்' என்ற பெயரிலேயே இருந்தது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன், குப்பாயி என்பார்கள். பிச்சை என்றும் வைப்பார்கள். எமன் கண்ணுக்கு அற்பமாகத் தெரியட்டும் என்றுதான். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்துவதும் உண்டு. அந்த மூக்குத் துளையை எடுத்துக்கொண்டேன். துளை தூர்ந்தாலும் புள்ளி போகாது. பேத்தி தாத்தாவின் மூக்கைத் தொட்டு "இது என்ன தாத்தா?" என்று கேட்கும்போது, 300 பக்கம் முன்னால் இருந்த குப்பன் எழுந்து வந்துவிடுகிறான், பெயரைச் சொல்லாமலே.

பெயரில் அர்த்தத்தைத் திணிப்பதும் ஒரு நோய். ஒரு நண்பர் தம் கதையில் 1920-களில் லயத்தில் பிறந்த பால்வெட்டுக்காரருக்கு இளமாறன் என்று பெயர் வைத்தார். மாறப்போகிறவனாம், அதனால் மாறன். அன்றைய தோட்டத்தில் முனியாண்டி, காளியம்மா, சின்னசாமி, லெட்சுமணன். பெரியார் மலாயாவுக்கு முதலில் வந்ததே 1929-ல். தனித்தமிழ்ப் பெயர்கள் தோட்டங்களில் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து. சரி, அவன் பிற்பாடு தானே இளமாறன் என்று மாற்றிக்கொண்டான் என்றால் அது வேறு கதை, நல்ல கதை. பிறந்தபோதே வைத்தால் காலம் உதைக்கும். 

இனிக் காகிதம். இங்கேதான் மலேசியக் கதைகள் அதிகம் சறுக்குகின்றன. பட்டப்பெயர் மாறும்போது ஐசியும் தானாக மாறிவிடும் என்பதுபோல் எழுதிவிடுகிறோம். மாறாது. அடையாள அட்டை வந்தது 1948-ல், அவசரகாலத்தில். அதற்கு முன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றில் வேறு பெயர் சொல்லிச் சேர்ந்துவிட்டான் என்றால் வாசகர் நம்புவார். அதற்குப் பிறகு புகைப்படமும் கைரேகையும் கூடவே வரும். என் வரைவில் பெயர் மாற்றம் 1950-ல் இருந்தது. இரண்டாண்டுதானே என்று விட்டிருந்தால் கதையே பொய்யாகியிருக்கும். 1946-க்கு நகர்த்தினேன். 1948-ல் பதிய வந்தபோது செக்ரோலில் இருந்த பெயரே அட்டையில் ஏறிவிட்டது.

ஏறியது பெயர் மட்டுமா? அதன்கூட 'ஏ/எல்' போட்டு வரும் தகப்பன் பெயரும் செத்தவனுடைய தகப்பன் பெயர். பிறந்த தேதியும் அவனுடையது. 1990-ல் வந்த 12 இலக்க ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆக ஒவ்வொரு பாரத்திலும் கடைக்காரத் தாத்தா கூட்டாளியின் பிறந்தநாளை எழுதவேண்டியிருக்கும். பேரப்பிள்ளைகள் கேக் வெட்டுவதும் அந்தத் தேதியில்தான். மாற்றுப்பெயரை எழுதுகிறவர்கள் இந்தச் சில்லறைக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்க்கவேண்டும். எனக்கு அதிலிருந்தே ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது.

இன்னொன்று. இங்கே பலரின் ஐசியில் இரண்டு பெயருக்கு நடுவே '@' குறி இருக்கும், இன்னார் என்கிற இன்னார். வீட்டுப் பெயரையும் பதிவுப் பெயரையும் சேர்க்க வசதியான குறி. என் ஆளுக்கு அது கூடாது. ஒளிந்துகொண்டவன் எப்படித் தன் பழைய பெயரையும் பதிவான்? வரைவில் அதையும் ரசித்துப் போட்டிருந்தேன். அடித்துவிட்டேன்.

கடைசியாகச் சாவு. நான்கு பெயரையும் மரணப் படுக்கையைச் சுற்றி வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்லி அழுவதுபோல் எழுதினேன். ஆசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'நாடகம்' என்று மட்டும் எழுதியிருந்தார். இப்போது அங்கே பத்திரிகைக்குக் கொடுக்கும் மரண அறிவிப்பு மட்டும் இருக்கிறது. மகள் எழுதுகிறாள். மாரிமுத்து என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறியைத் திறந்து 'எ' போடுகிறாள். பிறகு அத்தையிடம் திரும்பிக் கேட்கிறாள், "அத்தே, நீங்க அப்பாவ எப்படிக் கூப்புடுவீங்க?"