'லைக்' வந்தாலே சிமிலியா? ஆங்கிலக் கவிதைக் கேள்விகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னக் கவிதையைக் கொடுத்து, இதில் சிமிலி எது, மெட்டஃபர் எது, மூட் என்ன என்று ஆங்கிலத் தேர்வில் கேட்பார்கள். சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம், மூட் என்பது கவிதை நமக்குள் உண்டாக்கும் உணர்வு. இதையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளே கவிதையைக் கையில் கொடுத்ததும் தடுமாறுகிறார்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று காட்ட, இந்தக் கட்டுரைக்காகவே எட்டு வரி எழுதியிருக்கிறேன். ஒலியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள்.

ஆஸ் ஈவினிங் ஃபால்ஸ், ஐ லைக் டு சிட்
பிசைட் தி விண்டோ, நியர் ஹிஸ் சேர்.
இட் இஸ் ஆஸ் எம்ப்டி ஆஸ் அ நெஸ்ட்
வென் விண்டர் ஸ்ட்ரிப்ஸ் தி பிராஞ்சஸ் பேர்.
தி சைலன்ஸ் இஸ் அ ஹெவி கோட்;
தி மினிட்ஸ் க்ரால் அலாங் தி ஃப்ளோர்.
தென், லைக் அ மேட்ச் ஸ்ட்ரக் இன் தி டார்க்,
மை சிஸ்டர்ஸ் லாஃப் கம்ஸ் த்ரூ தி டோர்.

பொருள் இதுதான். பொழுது சாயும் நேரத்தில், ஜன்னல் ஓரமாக, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கும். குளிர்காலம் கிளைகளின் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்ட பிறகு தெரியும் கூட்டைப் போல அது காலியாக இருக்கிறது. மௌனம் ஒரு கனமான கோட். நிமிடங்கள் தரையில் ஊர்ந்து போகின்றன. அப்புறம், இருட்டில் உரசிய தீக்குச்சியைப் போல, என் அக்காவின் சிரிப்பு கதவு வழியாக வருகிறது.

முதல் தவறு முதல் வரியிலேயே நடந்துவிடும். 'லைக்', 'ஆஸ்' இரண்டும் சிமிலியின் அடையாளம் என்று சொல்லிக் கொடுத்திருப்பதால், பேனாவை எடுத்ததும் அந்தச் சொற்களைத் தேடி வட்டம் போடுகிறார்கள். இந்த வரியில் இரண்டுமே இருக்கின்றன, ஆனால் சிமிலி இல்லை. 'ஆஸ் ஈவினிங் ஃபால்ஸ்' என்பதில் 'ஆஸ்' நேரத்தைக் குறிக்கிறது, அதாவது பொழுது சாயும்போது. 'ஐ லைக் டு சிட்' என்பதில் 'லைக்' வினைச்சொல், அதாவது பிடிக்கும். மாலையை எதனோடும் ஒப்பிடவில்லை, உட்காருவதையும் எதனோடும் ஒப்பிடவில்லை.

அதனால் அடையாளச் சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடாமல், எது எதனோடு ஒப்பிடப்படுகிறது என்று கேளுங்கள். தமிழ் இலக்கணத்தில் உவமேயம், உவமானம் என்று படித்திருப்போமே, அந்த இரண்டும் கையில் கிடைக்க வேண்டும். மூன்றாம் வரியில் உவமேயம் நாற்காலி, உவமானம் பறவைக் கூடு, நடுவில் 'ஆஸ் எம்ப்டி ஆஸ்'. இது சிமிலி. ஏழாம் வரியில் 'லைக் அ மேட்ச்' என்கிறது. உவமானம் தீக்குச்சி, ஆனால் உவமேயம் அதே வரியில் இல்லை, அடுத்த வரியில் இருக்கும் சிரிப்புதான் அது. ஏழாம் வரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி பதில்தான் கிடைக்கும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. இரண்டு பொருளும் வெவ்வேறு வகையாக இருக்க வேண்டும். 'ஹி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர்' என்று ஒரு வரி வந்தால் அது வெறும் உயர அளவு, சிமிலி கிடையாது. 'ஆஸ் டால் ஆஸ் அ பாம் ட்ரீ' என்று மனிதனைப் பனைமரத்தோடு வைத்தால்தான் சிமிலி.

மெட்டஃபரில் வரும் தவறுதான் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கென்றே உள்ள தவறு. இதை நிதானமாகப் பார்ப்போம். ஐந்தாம் வரி, 'தி சைலன்ஸ் இஸ் அ ஹெவி கோட்'. இதைப் படித்ததும் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்போம். 'மௌனம் கனமான கோட்' என்று சொன்னால் நாக்குக்குச் சரியாக வராது, அதனால் நம்மை அறியாமலே 'மௌனம் கனமான கோட் போல இருக்கிறது' என்று மாற்றிக்கொள்வோம். அந்தப் 'போல' நாம் போட்டது, கவிதையில் இல்லை. ஆனால் அது காதில் விழுந்துவிட்டதால் சிமிலி என்று எழுதிவிடுகிறோம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சறுக்கல் உண்டு. மலர்முகம் என்பது உவமைத்தொகை. 'போன்ற' என்ற உருபு மறைந்திருந்தாலும் நாம் அதை உவமை என்றே சொல்கிறோம். முகமலர் என்றால் முகமே மலர் ஆகிவிடுகிறது, அது உருவகம். உருபு மறைந்தும் உவமையாக இருக்கலாம் என்ற இந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. பள்ளி ஆங்கிலக் கேள்விகளில் ஒப்பீட்டுச் சொல் வரியில் வெளிப்படையாக இருந்தால் சிமிலி. அது இல்லாமல் ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிட்டால் மெட்டஃபர். ஆகவே வகையை முடிவு செய்யும்போது கண் ஆங்கில வரியிலேயே இருக்கட்டும். தமிழாக்கம் பொருள் புரிவதற்கு மட்டும்.

'இஸ்' வந்தாலே மெட்டஃபர் என்று எழுதுவதும் இதே மாதிரியான அவசரம்தான். 'தி ரூம் இஸ் கோல்ட்' என்றால் அறை உண்மையிலேயே குளிராக இருக்கிறது. சொன்னது அப்படியே உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அறை குளிராக இருக்க முடியும், மௌனம் கோட்டாக இருக்க முடியாது. முடியாது என்ற இடத்தில்தான் உருவகம் இருக்கிறது.

'இஸ்' இல்லாத மெட்டஃபரும் உண்டு, அதைப் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். 'தி மினிட்ஸ் க்ரால்' என்ற ஆறாம் வரியில் ஒப்பீடு வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஊர்ந்து போவது பூச்சியும் தவழும் குழந்தையும், நிமிடங்களுக்குக் கால் கிடையாது. உயிரில்லாததற்கு உயிருள்ளதன் செயலைக் கொடுப்பதால் இதைப் பெர்சானிஃபிகேஷன் என்றும் சொல்வார்கள். கேள்வி மெட்டஃபர் ஒன்று கேட்டால் சந்தேகமே இல்லாத ஐந்தாம் வரியை எழுதுங்கள். பெர்சானிஃபிகேஷன் கேட்டால் ஆறாம் வரியை எடுங்கள். இரண்டும் பொருந்தும் வரியை வைத்துக்கொண்டு தேர்வு நேரத்தில் வாதாட வேண்டாம்.

கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. 'விளக்குக' என்று கேட்டிருக்கும்போது, 'நாற்காலி கூட்டைப் போல காலியாக இருக்கிறது' என்று வரியையே திருப்பி எழுதினால் விளக்கம் ஆகாது. இதுவரை நம் கையில் நாற்காலியும் கூடும் இருக்கின்றன, இரண்டுக்கும் பொதுவான தன்மையை இனிமேல்தான் சொல்ல வேண்டும். காலியான பெட்டி என்று சொல்லியிருக்கலாமே, ஏன் கூடு? கூடு ஒரு காலத்தில் உயிரும் வெதுவெதுப்பும் இருந்த இடம். பறவைகள் போன பிறகு குச்சிகள் மட்டும் மிஞ்சும். அந்த நாற்காலியிலும் ஒருவர் உட்கார்ந்திருந்தார், இப்போது இல்லை. நான்காம் வரியில் இலையில்லாத கிளைகள் வருவதால் மூடி மறைக்கக்கூட எதுவும் இல்லாத வெறுமை சேர்கிறது. மூன்றாம் வரியோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இந்தப் பகுதி கிடைக்காமல் போய்விடும்.

விளக்கும் வேகத்தில் கவிதையில் இல்லாத கதையைச் சேர்த்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கவிதையைப் படிக்கும் பலர் 'தாத்தா இறந்துவிட்டார்' என்று எழுதுவார்கள். கவிதை 'ஹிஸ் சேர்' என்று மட்டும்தான் சொல்கிறது. தாத்தாவா, அப்பாவா, அண்ணனா தெரியாது. இறந்தாரா, ஊரைவிட்டுப் போனாரா என்பதும் தெரியாது. 'அங்கே இருந்த ஒருவர் இப்போது இல்லை' என்பது வரை எழுதலாம்.

இனி மூட். இதைத் தனிக் கேள்வியாக நினைத்து, கவிதை எதைப் பற்றியது என்று எழுதிவிடுகிறார்கள். 'இந்தக் கவிதையின் மூட் ஒரு காலி நாற்காலி' என்றால் அது பேசப்படும் பொருள், மூட் உணர்வின் பெயராக இருக்க வேண்டும். சிலர் 'ஐ லைக் டு சிட்' என்ற இடத்தில் 'பிடிக்கும்' என்று வருகிறதே என்று 'ஹேப்பி' எழுதுவார்கள். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் ஆகும். பேசுபவருக்கு அங்கே உட்காரப் பிடித்திருக்கிறது, ஆனால் உட்கார்ந்த இடத்தில் அவரைச் சுற்றி வெறுமை இருக்கிறது.

மூடுக்கான ஆதாரம் நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த சிமிலியிலும் மெட்டஃபரிலும்தான் இருக்கிறது. இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். உவமானத்தை மாற்றிப் பாருங்கள். 'ஹெவி கோட்' என்ற இடத்தில் 'சாஃப்ட் பிளாங்கெட்', அதாவது மெத்தென்ற போர்வை என்று வையுங்கள். அதே மௌனம், ஆனால் இப்போது இதமாக இருக்கிறது. உணர்வைத் தீர்மானித்தது மௌனம் அல்ல, 'ஹெவி' என்ற சுமைதான் என்று தெரிகிறது. அதனால் பதிலில் 'எம்ப்டி', 'ஹெவி', 'க்ரால்' ஆகிய மூன்று சொற்களையும் மேற்கோளாகக் காட்டுங்கள். உணர்வின் பெயராக வெறும் 'சேட்' போதாது. கோபம் கலந்த சோகமும் உண்டு, பயம் கலந்த சோகமும் உண்டு. இங்கே இருப்பது தனிமை, ஆகவே 'லோன்லி'. மெல்லிய நீண்ட துயரம் என்பதற்கு 'மெலன்கலி' என்ற சொல்லும் பொருந்தும்.

ஆனால் இது முதல் ஆறு வரிகளுக்கான பதில். ஏழாம் வரியில் 'தென்' என்று ஒரு திருப்பம் வருகிறது. சின்னக் கவிதைகளில் 'தென்', 'பட்', 'யெட்' போன்ற சொல் கடைசிப் பகுதியில் வந்தால், அந்த இடத்தில் மூட் மாறுகிறதா என்று பாருங்கள். கவிதை முழுவதற்கும் ஒரே உணர்வை எழுதியவர்கள் இங்கேதான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். மாறியதைக் கவனித்தவர்களோ 'ஹேப்பி' என்று எழுதித் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிரிப்பை விளக்கோடும் சூரியனோடும் ஒப்பிடவில்லை, ஒரு தீக்குச்சியோடு ஒப்பிட்டிருக்கிறது. தீக்குச்சி சட்டென்று பற்றும், ஒரு முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் தரும், சில நொடிகளில் அணைந்தும் போகும். இருட்டு இன்னும் சுற்றி இருக்கிறது. அதனால் தனிமையில் தொடங்கிய மூட், கடைசி இரண்டு வரிகளில் சின்ன நம்பிக்கையாக, 'ஹோப்ஃபுல்' ஆக மாறுகிறது என்று எழுதி, ஆதாரமாக 'லைக் அ மேட்ச் ஸ்ட்ரக் இன் தி டார்க்' என்ற வரியை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.