மீன் சாப்பிட்டால் மாரடைப்பு வராதா? ஒரு சுகாதாரச் செய்தியைப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம்

"தினமும் மீன் சாப்பிடுபவர்களுக்கு மாரடைப்பு குறைவு: ஆய்வில் தகவல்." இந்த மாதிரி ஒரு செய்தி வந்தால் பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை என்று நம் கரையோரம் முழுக்க வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றும். மீன் நம்முடைய அன்றாடச் சாப்பாடு, அதனால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. கூடவே, அந்தச் செய்தியைக் காட்டி மீன் எண்ணெய் மாத்திரை விற்பவர்களும் வருவார்கள்.

செய்தி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மீன் அதிகம் சாப்பிடுபவர்களிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்படுகிறது என்பது ஒன்று. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான்; புள்ளியியலில் இதை ஒட்டுறவு என்பார்கள். மீன்தான் மாரடைப்பைக் குறைத்தது என்பது இன்னொன்று. அது காரண உறவு. முதலாவது முழு உண்மையாக இருந்தும் இரண்டாவது தவறாக இருக்க முடியும். எப்படி என்று இந்த ஒரே செய்தியை வைத்துப் பார்ப்போம்.

படி 1: பார்த்தார்களா, கொடுத்தார்களா?

தலைப்பை விட்டுவிட்டுச் செய்தியின் உள்ளே போங்கள். ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வரியாவது இருக்கும். "இத்தனை பேரின் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து, இத்தனை ஆண்டுகள் கவனித்தார்கள்" என்று இருந்தால், அவர்கள் வெறுமனே பார்த்திருக்கிறார்கள். யார் மீன் சாப்பிட வேண்டும் என்பதை ஆய்வாளர் முடிவு செய்யவில்லை, அவரவர் வாழ்க்கை முடிவு செய்தது. "இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் கொடுத்தார்கள்" என்று இருந்தால் அது வேறு வகை, அதற்கு 4-ஆம் படியில் வருகிறேன்.

உணவைப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலானவை முதல் வகை. அப்படி இருந்தால் அடுத்த இரண்டு படிகளைத் தவறாமல் செய்ய வேண்டும்.

படி 2: அம்புக்குறியைத் திருப்பிப் பாருங்கள்

அ-வால் ஆ வந்தது என்று செய்தி சொன்னால், ஆ-வால் அ வந்திருக்கலாமா என்று கேளுங்கள். நம் கரையில் இதற்குக் கருவாட்டை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

ஒரு கடலோர ஊரில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, "வாரத்துக்கு எத்தனை நாள் கருவாடு சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்வதாக வையுங்கள். கருவாடு சாப்பிடாதவர்களுக்குத்தான் ரத்த அழுத்தம் அதிகம் என்று கணக்கு வரலாம். வந்தால் தலைப்பு தயார்: "கருவாடு ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது."

இப்போது அந்தக் கணக்கில் உள்ள ஒரு வீட்டுக்குள் போய் உட்காருங்கள். வீட்டுப் பெரியம்மா சொல்வார்: "பிரசர் இருக்குன்னு டாக்டர் சொன்னதுலருந்து நான் கருவாட்டைத் தொடுறதில்ல தம்பி. ஆசைக்கு அந்தக் குழம்பு வாசனையோட சரி." அவர் கருவாட்டை விட்டதால் பிரசர் வரவில்லை. பிரசர் வந்ததால் கருவாட்டை விட்டார். ஆய்வுத்தாளில் அவர் பெயருக்கு நேரே இருப்பது இரண்டே தகவல்: கருவாடு இல்லை, அழுத்தம் அதிகம். எது முன்னால் நடந்தது என்பது அதில் இல்லை.

மீனைக் கீறி, கல் உப்பை உள்ளே அடைத்து, வெயிலில் காய வைத்துத்தான் பெரும்பாலான கருவாடு ஆகிறது. உப்பு ரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பது, ஒரே ஆட்களுக்குக் கூட்டியும் குறைத்தும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் உறுதியான விஷயம். ஆக, நாம் எடுத்த கணக்கு உண்மைக்கு நேர் எதிர்த் திசையில் கை காட்டியிருக்கிறது. எண்கள் சரி, எடுத்த முடிவு ஆளைப் படுக்க வைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: சாப்பாட்டு விவரத்தையும் நோயையும் ஒரே நாளில் கேட்டார்களா, அல்லது நோய் இல்லாதவர்களிடம் முதலில் சாப்பாட்டைக் கேட்டுவிட்டு, பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்களா? ஒரே நாள் என்றால் அம்புக்குறி எந்தப் பக்கமும் திரும்பலாம். காத்திருந்து பார்த்த ஆய்வில் இந்தச் சந்தேகம் பெருமளவு குறையும்.

படி 3: பின்னால் நிற்கும் மூன்றாவது ஆளைத் தேடுங்கள்

சரி, காத்திருந்துதான் பார்த்தார்கள் என்று வையுங்கள். இப்போதும் முடிவுக்கு வர முடியாது. மீன் சாப்பிடுவதையும் மாரடைப்பையும் ஒரே நேரத்தில் இழுக்கிற மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கலாம்.

இதை எண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். கீழே இருப்பது விளக்கத்துக்காக நானே எழுதிய கற்பனை எண்கள். ஒரு மீனவக் கிராமம், 2,000 பேர். தினமும் மீன் சாப்பிடுபவர்கள் 1,000, எப்போதாவது சாப்பிடுபவர்கள் 1,000. பத்து ஆண்டுகளில் முதல் குழுவில் 20 பேருக்கும் இரண்டாவது குழுவில் 50 பேருக்கும் மாரடைப்பு வந்தது. ஐம்பது இருபதாகக் குறைந்தால் 60 சதவீதக் குறைவு. பெரிய எழுத்தில் போடுவதற்கு ஏற்ற எண்.

இப்போது அதே 2,000 பேரை வயது வைத்துப் பிரிக்கிறேன். தினமும் மீன் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போகும் இளவட்டங்கள். வயதானவர்களில் பலர் செரிக்கவில்லை, முள் பார்க்கக் கண் தெரியவில்லை என்று குறைத்துக்கொண்டவர்கள்.

| | தினமும் மீன் | எப்போதாவது மீன் |
|---|---|---|
| 50 வயதுக்குக் கீழ் | 800 பேரில் 8 | 200 பேரில் 2 |
| 50 வயதும் அதற்கு மேலும் | 200 பேரில் 12 | 800 பேரில் 48 |
| மொத்தம் | 1,000 பேரில் 20 | 1,000 பேரில் 50 |

ஒவ்வொரு வரிசையாகப் படியுங்கள். இளையவர்களில் 800-க்கு 8 என்றால் நூற்றுக்கு ஒருவர். 200-க்கு 2 என்றாலும் நூற்றுக்கு ஒருவர். பெரியவர்களில் 200-க்கு 12, 800-க்கு 48, இரண்டுமே நூற்றுக்கு ஆறு. ஒரே வயதுக்காரர்களை ஒப்பிட்டால் மீனால் எந்த வித்தியாசமும் இல்லை! கடைசி வரிசையில் தெரிந்த 60 சதவீதம் முழுக்க வயது செய்த வேலை.

இந்த அட்டவணையை ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள். எண்களை மாற்றி, இரண்டு குழுவிலும் இளையவர், பெரியவர் எண்ணிக்கையைச் சமமாக வைத்தால், அதாவது ஐந்நூறு ஐந்நூறாக வைத்தால், மொத்த வரிசையிலும் வித்தியாசம் மறைந்துவிடும்: இரண்டு பக்கமும் 5-உம் 30-உம் கூட்டி 35.

நல்ல ஆய்வாளர்களுக்கு இது தெரியும். வயது, புகைப்பழக்கம், எடை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தோம் என்று எழுதுவார்கள். செய்தியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தாலும் ஒரு குறை மிச்சம் இருக்கும். கேட்டு வாங்கிய தகவலை வைத்துத்தான் பிரிக்க முடியும். நாள் முழுக்க வலை இழுக்கிற உடம்புக்கும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற உடம்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கவே இல்லை என்றால், அது மீனின் கணக்கில்தான் போய்ச் சேரும்.

படி 4: சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா?

கேட்காத விஷயங்களையும் சமப்படுத்த ஒரு வழி உண்டு. யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. ஆயிரக்கணக்கானவர்களை அப்படிப் பிரித்தால் இளையவர், முதியவர், உழைப்பாளி, சோம்பேறி, புகைப்பவர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு பக்கமும் விழுவார்கள். நாம் நினைத்துக்கூடப் பார்க்காத மூன்றாவது ஆளும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடுவான். அதன் பிறகும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், அது கொடுத்த பொருளால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மீன் எண்ணெய் விஷயத்தில் இதைச் செய்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதிக்குத் தினம் ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம் உள்ள 1 கிராம் மீன் எண்ணெய் மாத்திரை, மறு பாதிக்கு அதே மாதிரி தோற்றமுள்ள போலி மாத்திரை. யாருக்கு எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. சுமார் ஐந்து ஆண்டுகள் கழித்து 2018-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணியதில் மீன் எண்ணெய்ப் பக்கம் 386 பேர், மறுபக்கம் 419 பேர். தற்செயலாகவே வரக்கூடிய அளவு வித்தியாசம்தான். பார்த்து மட்டும் எழுதிய ஆய்வுகள் கொடுத்த எதிர்பார்ப்பு இங்கே நிறைவேறவில்லை.

இதே ஆய்வில் மாரடைப்பை மட்டும் தனியாக எண்ணினால் மீன் எண்ணெய்ப் பக்கம் 145, மறுபக்கம் 200 வருகிறது. மாத்திரை விற்பவர்கள் இந்த எண்ணைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் எந்த எண்ணை வைத்து வெற்றி தோல்வி சொல்வது என்று ஆய்வு தொடங்கும் முன்பே அறிவித்திருந்தார்கள், அது மூன்றும் சேர்ந்த எண். ஒரே ஆய்வைப் பல விதமாகப் பிரித்துப் பார்த்தால் ஏதோ ஒன்று தற்செயலாகவே நன்றாகத் தெரியலாம். அது மறுபடி சோதிக்க வேண்டிய தடயம், தீர்ப்பு ஆகாது.

குலுக்கல் முடியாத இடத்தில்

பாதிப் பேருக்கு இருபது வருடம் பீடி கொடுத்துப் பார்ப்போம் என்று யாரும் ஆய்வு நடத்த முடியாது. புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும், மனிதர்களைப் பொறுத்தவரை, கவனித்துப் பார்த்த ஆய்வுகளிலிருந்துதான் உறுதியானது. ஆகவே "வெறும் ஒட்டுறவு" என்று எல்லாச் செய்தியையும் தள்ளிவிடுவதும் தப்பு. பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951-இல் ஏறத்தாழ 40,000 மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு காத்திருந்து பார்த்தார்கள். ஆக, புகை முன்னால், நோய் பின்னால். அதிகம் புகைத்தவர்களிடம் நோய் அதிகம், குறைவாகப் புகைத்தவர்களிடம் குறைவு. விட்டவர்களுக்கு ஆபத்து இறங்கியது. வித்தியாசம் 60 சதவீதம் மாதிரிச் சின்ன அளவில் இல்லை, பல மடங்கு. மூன்றாவது ஆள் ஒருவன் தனியாக இவ்வளவையும் உண்டாக்குவது நடக்காத காரியம். குலுக்கல் இல்லாத செய்தி கையில் கிடைத்தால் இந்த நான்கையும் தேடுங்கள்.

அப்புறம், மீனை என்ன செய்வது?

வைட்டல் ஆய்வு சோதித்தது மாத்திரையை. தட்டில் இருக்கும் மீனை அது சோதிக்கவில்லை. சாளை, நெத்திலி, அயிலை போன்றவற்றில் ஒமேகா-3 உண்டு, புரதமும் உண்டு. ஒருவர் மதியம் எண்ணெயில் பொரித்த பலகாரத்தை விட்டுவிட்டு மீன் குழம்பு சாப்பிட்டால், விட்ட பலகாரத்தால் வரும் நன்மையும் அதில் சேரும். எனவே மீன் சாப்பிடுவதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. இதயம் நன்றாக இருக்கும் என்று நம்பி மாதா மாதம் மாத்திரைக்குச் செலவழிப்பவர்கள் அந்தக் காசுக்கு நெத்திலி வாங்கலாம். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகம் என்று மருத்துவரே மீன் எண்ணெய் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு மருந்தளவு, வேறு காரணம். அதை நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள்.