முகத்தைக் கடைசியில் பாருங்கள்: கோயில் தூண்களில் யாளியும் காவலரும் புருஷாமிருகமும்

விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மதுரை, ஸ்ரீரங்கம், நெல்லைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவது வழக்கம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பிள்ளை ஒரு தூணைக் காட்டி “இது யார்?” என்று கேட்கும். “சாமி” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் நாம் கும்பிடுகிற கோயில்களில் சுதை உருவங்களுக்கு வண்ணம் தீட்டியிருப்பதால் யார் என்று கண்டுகொள்வது சுலபம். இங்கே கருங்கல்லில் அந்த உதவி கிடையாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைபேசிக்கும் அனுமதியில்லை. உள்ளே நின்றபடி தேடிப் பார்க்கவும் முடியாது. அதனால் புறப்படும் முன்பே சில அடையாளங்களை மனத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது.

நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் பாதம், அடுத்து கை, கடைசியில் முகம். நாயக்கர் காலத்துச் சிற்பிகள் யாளி என்னும் கற்பனை மிருகம், வாயிற்காவலர், சிவனின் உக்கிர வடிவமான வீரபத்திரர் என எல்லோருக்கும் பிதுங்கிய விழியும் கோரைப்பல்லும் கொடுத்துவிட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தால் எல்லோரும் பங்காளிகள் போலத்தான் தெரிவார்கள். போதாக்குறைக்கு முகம் உயரத்தில், இருட்டில், எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். பெரிய தூண்களில் சிற்பம் உயரமான பீடத்தின் மேல் நிற்பதால், நம் கண்ணுக்கு நேரே வருவது பாதம்தான்.

மிருகங்களில் தொடங்குவோம். முன்னங்கால்களைத் தூக்கி எழும்பி நிற்கும் பெரிய மிருகம் ஒன்று தூணிலிருந்து பாய்கிறது என்றால் அது யாளியாக இருக்கலாம், குதிரையாகவும் இருக்கலாம். காலைப் பாருங்கள். நகம் விரிந்த பாதம் என்றால் யாளி. குளம்பு என்றால் குதிரை. ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் வரிசையாக எழும்பி நிற்பவை குதிரைகள். மேலே அமர்ந்த வீரன் ஈட்டியால் புலியைக் குத்துகிறான். கீழே காலாட்கள் மொய்க்கிறார்கள். அந்த மண்டபத்தில் நின்றுகொண்டு ‘யாளி, யாளி’ என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். குதிரைமேல் இருப்பவர் எல்லா இடத்திலும் போர்வீரர்தான் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஆவுடையார்கோயிலில் குதிரைமீது வருபவர் சிவபெருமான். மாணிக்கவாசகருக்காகப் பாண்டியனிடம் குதிரை கொண்டுவந்த கதை அந்த ஊரோடு ஒட்டியது.

யாளி என்று உறுதியானபின் தலைக்குப் போகலாம். சிங்கமுகம் என்றால் சிம்ம யாளி. துதிக்கையும் தந்தமும் இருந்தால் யானை முகம் கொண்ட கஜ யாளி. சிம்ம யாளிக்கும் சில இடங்களில் மூக்கு நீண்டு துதிக்கை போல இறங்கும்; அப்படி இருந்தால் வாயைக் கவனியுங்கள், வரிசைப் பற்கள் தெரியும். காலடியில் ஒரு சின்ன யானை நின்று, யாளியின் துதிக்கையோடு தன் துதிக்கையைப் பின்னிக்கொண்டிருப்பதையும் பார்க்கலாம். யானை அத்தனை சிறியதாக இருப்பது யாளியின் அளவைக் காட்டுவதற்காக. சில கோயில்களில் திறந்த வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். அந்தக் கல்லிலேயே குடைந்து விடப்பட்டதால் உருளும், வெளியே வராது. கையை விட்டு உருட்டிக் காட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். நூற்றாண்டுகளாக உருட்டியே பல்லெல்லாம் மழுங்கிவிட்டது.

யாளி எங்கே இருக்கிறது என்பது காலத்தையும் ஓரளவு சொல்லும். மாமல்லபுரத்திலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் பல்லவர்கள் சிங்கத்தைத் தூணின் அடியில் வைத்தார்கள். மாமல்லபுரத்துக் குடைவரைகளில் அது உட்கார்ந்தபடி தூணைத் தலையில் தாங்கும். சோழர் கோயில்களில் சுவரின் அடிப்பகுதியில் சிறு யாளிகள் வரிசையாக ஓடும். அதற்கு யாளி வரி என்று பெயர். வரிசை முடியும் மூலையில் மகரத் தலையும் அதன் வாய்க்குள் ஒரு குட்டி வீரனும் இருந்தால் தவறவிடாதீர்கள். ஆள் உயரத்தைத் தாண்டி எழும்பி நிற்கும் யாளித் தூண் விஜயநகர, நாயக்கர் காலத்தது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது இந்த வகை.

இனிக் காவலர். வாயிற்காவலர் தனியாக நிற்பதில்லை. வாசலுக்கு இருபுறமும் ஜோடியாக, ஒருவரின் நிழல் மற்றவர் என்பதுபோல வளைந்து நிற்பார்கள். மண்டபத்தின் நடுவில் ஒற்றைத் தூணில் நம்மைப் பார்த்து நிற்கும் உக்கிர உருவத்துக்குக் காவலர் என்று பெயர் வைக்கும் முன் எதிரே ஜோடி இருக்கிறதா, நடுவில் வாசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காவலரின் ஆயுதம் கதை என்னும் கதாயுதம். அதை ஓங்கமாட்டார். தரையில் ஊன்றி அதன்மேல் கையை வைத்திருப்பார், அல்லது ஒரு காலைத் தூக்கி அதன்மேல் போட்டிருப்பார். சிவன் கோயிலானால் சடைமுடி, கோரைப்பல், கதையைச் சுற்றிய பாம்பு. பெருமாள் கோயிலானால் அவர்கள் ஜய விஜயர். உயர்ந்த கிரீடம், பின்னிரு கைகளில் சங்கு சக்கரம், பல இடங்களில் நெற்றியில் நாமம். மற்ற கைகள் பேசுகின்றன. ஒரு கையில் சுட்டுவிரல் நிமிர்ந்திருக்கும்: எச்சரிக்கை. இன்னொரு கை விரிந்து வியப்பைக் காட்டும், உள்ளே இருப்பவரின் பெருமை சொல்லி முடியாது என்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் திருவாசலில் நிற்கும் காவலரின் காலடியை நிதானமாகப் பாருங்கள். ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பாம்பு காவலரின் கதையைத்தான் சுற்றிக்கிடக்கிறது. யானையை விழுங்கும் பாம்பே அவ்வளவு சிறிது என்றால் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் இறைவன் எவ்வளவு பெரியவர் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இது தூண் சிற்பம் அல்ல. ஆனாலும் காலடியிலிருந்து படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வீரபத்திரரைக் காவலர் என்று எண்ணிவிடுவதுதான் அதிகம் நடக்கும் குழப்பம். மதுரையில் சுவாமி சந்நிதிக்கு முன்னே கம்பத்தடி மண்டபத்தருகே அக்கினி வீரபத்திரரும் அகோர வீரபத்திரரும் பேருருவாக நிற்கிறார்கள். வீரபத்திரருக்குக் கைகள் பல. பொதுவாக வாளும் கேடயமும் இருக்கும். உடம்பு முழுவதும் வேகம். சந்தேகம் வந்தால் மறுபடியும் காலடிக்கு வாருங்கள். ஆட்டுத்தலையோடு ஒரு சிறு உருவம் கைகூப்பி நின்றால் அது தக்கன். வீரபத்திரரிடம் தலையை இழந்து ஆட்டுத்தலை பெற்றவன் அவன். அவன் பக்கத்தில் இருந்தால் மேலே நிற்பவர் வீரபத்திரர்தான். வேட்டி சாத்தியோ கம்பித் தடுப்பு போட்டோ காலடி மறைந்திருந்தால் தூணின் பக்கவாட்டுக்குப் போங்கள்; துணை உருவங்கள் அங்கேயும் செதுக்கப்பட்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தவர் புருஷாமிருகம். இடுப்புவரை மனிதன், சடையும் தாடியும் உண்டு. இடுப்புக்குக் கீழே விலங்கு. பெயர் தெரியாவிட்டாலும் இவரைப் பலர் பார்த்திருப்பார்கள்: அலங்கார தீபாராதனையில் நாக தீபம், ரிஷப தீபம் என்று காட்டும் வரிசையில் புருஷாமிருக தீபமும் ஒன்று. மயிலாப்பூர் கபாலீசுவரர் பங்குனிப் பெருவிழாவில் வாகனமாகவும் வருகிறார். இவரை நரசிம்மரோடு குழப்ப வழியில்லை. நரசிம்மருக்குத் தலை சிங்கம், உடல் மனிதர், இவருக்கு நேர்மாறு. வியாக்கிரபாதரோடு குழப்பம் வரலாம். அவர் உடம்பெல்லாம் முனிவர், பாதம் மட்டும் புலி; பெரும்பாலும் பாம்பு உடலுடைய பதஞ்சலியோடு நடராசரின் அருகில் கைகூப்பி நிற்பார்.

சொன்ன வரிசையை ஓரிடத்தில் போட்டுப் பார்க்க வேண்டுமானால் கிருஷ்ணாபுரம் போங்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர், வெங்கடாசலபதி கோயில். அங்குள்ள தூண் சிற்பங்களில் கதாயுதத்தோடு கட்டுடல் மனிதன் ஒருவன் இருக்கிறான். கதாயுதத்தைப் பார்த்தவுடன் காவலர் என்று வாயில் வரும். ஆனால் கதையை ஊன்றிச் சாவகாசமாக நிற்கும் தோரணை அவனிடம் இல்லை, காக்க வாசலும் இல்லை. அவனோடு சண்டையிடுவது யார் என்று பாருங்கள்: மேலே மனிதன், கீழே விலங்கு. அத்துடன் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. கதாயுதம் ஏந்தியவன் பீமன், எதிரி புருஷாமிருகம், தீர்ப்புச் சொல்ல வந்தவர் தருமர்.

கதை நாட்டு வழக்கில் இப்படிப் போகிறது. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தை அழைத்துவரப் பீமன் போகிறான். ‘நீ முன்னே ஓடு, எல்லைக்குள் நுழையும் முன் பிடித்தால் நீ எனக்கு இரை’ என்பது நிபந்தனை. புருஷாமிருகம் சிவபக்தன். பீமன் ஓடும் வழியில் ஒவ்வொன்றாகப் போடுபவை லிங்கமாக மாற, அது நின்று பூசை செய்துவிட்டுத்தான் துரத்துகிறது. கடைசியில் ஒரு கால் எல்லைக்குள்ளே, ஒரு கால் வெளியே இருக்கும்போது பிடிபடுகிறான். பாதி உடல் புருஷாமிருகத்துக்கே என்று தம்பிக்கு எதிராகத் தருமர் தீர்ப்பளிக்கிறார். அந்த நேர்மையில் மனம் நிறைந்து அது பீமனை விட்டுவிடுகிறது. மகாசிவராத்திரிக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்க நேர்ந்தால், முஞ்சிறையில் தொடங்கித் திருநட்டாலம்வரை 12 சிவாலயங்களுக்கு ‘கோவிந்தா, கோபாலா’ என்று சொல்லிக்கொண்டே ஓடும் பக்தர்களைப் பார்க்கலாம். அந்தச் சிவாலய ஓட்டம் இந்தக் கதையோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகிறது. நெல்லைக்குப் போக நேரமில்லை என்றால் மதுரைக் கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்திலேயே புருஷாமிருகமும் பாண்டவர்களும் வாலி சுக்கிரீவரும் தூண்களில் நிற்கிறார்கள்.

நேரம் பற்றி ஒரு சொல். பெரும்பாலான பெரிய கோயில்களில் நண்பகலுக்குப் பின் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறப்பார்கள். காலையில் சீக்கிரம் போனால் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் நகமும் குளம்பும் தெளிவாகத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் கூட்டம் தூணை மறைத்துக்கொள்ளும். கைபேசியை வெளியே ஒப்படைக்கும்போது ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு, புரியாத உருவத்தின் பாதத்தையும் கையில் இருப்பதையும் கோட்டுப்படமாக வரைந்து கொள்ளுங்கள். ‘பயங்கர முகம்’ என்று எழுதிக்கொண்டு போனால் வீட்டில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் பெயர் கிடைக்காது. ‘இடுப்புக்குக் கீழே விலங்கு, தாடி உண்டு’ என்று எழுதியிருந்தால் கிடைத்துவிடும்.