நாஸ்ல ஃபர்ம்வேர் போடறதுக்கு முன்னாடி டிஸ்க்க செக் பண்ணுங்க

வீட்ல எல்லாரோட ஃபைலையும் சேர்த்து வைக்கற நெட்வொர்க் பெட்டிதான் நாஸ், அதை ஓட்டற சாஃப்ட்வேர்தான் ஃபர்ம்வேர். நாஸ்ல புது ஃபர்ம்வேர் வந்திருக்குன்னு காட்டுனதும் நேரா அப்டேட் பட்டனை அமுக்கிடாதீங்க. அப்டேட்டுன்னா பெட்டி டிஸ்க்ல புதுசா எழுதும், அப்புறம் ரீஸ்டார்ட் ஆகும், ஏற்கனவே தளர்ந்துபோன டிஸ்க் இருந்துச்சுன்னா பெரும்பாலும் அந்த நேரத்துலதான் படுத்துக்கும். நம்மாளுங்க உடனே ஃபர்ம்வேர்தான் கெடுத்துடுச்சும்பாங்க. ஆனா டிஸ்க் அதுக்கு முன்னாடியே போயிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

இங்க சிங்கப்பூர்ல, யீஷூன்ல எங்க மாமா வீட்ல ரெண்டு டிஸ்க் போடற சினாலஜி பெட்டி ஒன்னு இருக்கு. 4 டிபி டிஸ்க் ரெண்டு, ரெய்டு 1, அதாவது ஒன்னுல இருக்கறது அப்படியே இன்னொன்னுலயும் இருக்கும். கல்யாண வீடியோ, புள்ளைங்க ஃபோட்டோ, ஊர்ல தாத்தா பாட்டிய எடுத்ததுன்னு 1.8 டிபி சேர்ந்திருக்கு. "எல்லாம் பச்சையாத்தானே காட்டுது மாப்ள, போட்டுடவா?"ன்னு கேட்டாரு. வேணாம் மாமா இருங்கன்னு சொல்லிட்டு நான் போய் செஞ்சதை அதே வரிசைல சொல்றேன். மெனு பேரெல்லாம் சினாலஜி பெட்டியோட சாஃப்ட்வேரான டிஎஸ்எம் 7ல இருக்கறது, வேற கம்பெனி பெட்டின்னா பேரு மாறும், வேலை ஒன்னுதான்.

1. மொதல்ல பேக்கப், டெஸ்ட் அப்புறம்

நிறைய பேரு டிஸ்க்க டெஸ்ட் பண்ணிட்டு அப்புறமா பேக்கப் எடுக்கலாம்னு நெனைக்கறாங்க, அது தலைகீழ். முழு டெஸ்ட்டுங்கறது டிஸ்க் மொத்தத்தையும் ஒரு ஓரம் விடாம படிக்கற வேலை, தளர்ந்த டிஸ்க் அதுலயே போயிடலாம். ரெய்டு 1 இருக்கே அதுவே பேக்கப்தானேன்னு விட்டுடாதீங்க, நீங்க தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடில அழிஞ்சிடும்.

ஒரு யூஎஸ்பி டிஸ்க்க நாஸ் பின்னாடி சொருகி, நாஸோட ஃபைல் ஸ்டேஷன் ஆப்லயே சாதாரண காப்பி போடுங்க. பேக்கப் ஆப் எல்லாம் நல்லதுதான், ஆனா சிலது தன்னோட சொந்த ஃபார்மெட்ல சேர்த்து வைக்கும், அவசரத்துக்கு லேப்டாப்ல சொருகுனா ஒன்னுமே திறக்காது. 1.8 டிபிக்கு நொடிக்கு 100 எம்பி வேகம் கெடைச்சாலும் அஞ்சு மணி நேரம் ஆகும், சின்ன சின்ன ஃபோட்டோ ஃபைல் நிறைய இருந்தா இன்னும் இழுக்கும், அதனால ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க.

காலைல அந்த டிஸ்க்க லேப்டாப்ல சொருகி ஃபைல் எண்ணிக்கையும் மொத்த சைஸும் நாஸ்ல காட்டறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. பழைய பெரிய வீடியோ ரெண்டு மூனைத் திறந்து நடுவுலயும் கடைசிலயும் இழுத்து விட்டு ஓடுதான்னும் பாருங்க. அப்புறம் `Control Panel > Update & Restore > Configuration Backup` போய் செட்டிங்ஸையும் எடுத்து வெச்சுக்கோங்க. ஃபோல்டருக்கு என்கிரிப்ஷன் போட்டிருந்தா அதோட சாவி ஃபைல் நாஸுக்கு வெளில ஒரு எடத்துல இருக்கணும்.

2. பச்சை நிறத்தை நம்பாதீங்க, நம்பரை பாருங்க

`Storage Manager > HDD/SSD`ல டிஸ்க்க தேர்ந்தெடுத்து `Health Info` திறந்தா ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன்னோட நெலமைய தானே பதிஞ்சு வெக்கற கணக்கு வரும். லிஸ்ட் நீளமா இருக்கும், பயப்படாதீங்க, நாலு வரி போதும். மாமா வீட்டு ரெண்டாவது டிஸ்க்ல இருந்தது இது:

```
  5  Reallocated_Sector_Ct    0
197  Current_Pending_Sector  24
198  Offline_Uncorrectable    8
199  UDMA_CRC_Error_Count     0
```

இங்க குடுத்திருக்கறது ராவ் நம்பர். பக்கத்து கட்டத்துல 100, 200ன்னு காட்டறது வேற கணக்கு, அதை விட்டுடுங்க. 197ங்கறது டிஸ்க் படிக்க முடியாம தவிச்சிட்டு இருக்கற எடங்கள், 198 சோதனைல சுத்தமா படிக்க வராததுன்னு பதிஞ்ச எடங்கள், 5ங்கறது கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி ஸ்பேர் எடத்துக்கு மாத்திட்டது. இந்த மூனும் 0ஆ இருக்கணும். 199 மட்டும் ஏறியிருந்தா பெரும்பாலும் கேபிளோ டிஸ்க் சரியா உக்காராததோதான் காரணம், அந்த நம்பர் திரும்ப கொறையாது, மேல ஏறுதான்னு மட்டும் பாருங்க. சீகேட் டிஸ்க்ல `Raw_Read_Error_Rate` கோடிக்கணக்குல காட்டும், அது அந்த டிஸ்க் கணக்கு வெக்கற விதம், பழுது இல்ல.

பெட்டி பச்சை காட்டுச்சு, ஆனா 24 எடத்தை அந்த டிஸ்க்கால படிக்க முடியல. உறுதியா தெரிஞ்சுக்க `Extended Test` போட்டோம், 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேலயே ஓடலாம், ஆனா இது பாதிலயே ரீட் ஃபெயிலியர்னு நின்னுடுச்சு. மொதல் டிஸ்க் சுத்தமா முடிஞ்சது. இப்படி வந்தா அப்டேட்டை ஒத்திப்போடுங்க, வேற பேச்சே வேணாம்.

டெம்பரேச்சரும் அதே பக்கத்துல இருக்கும். நம்ம ஊரு வெயிலுக்கு கதவு மூடுன டிவி கேபினட்டுக்குள்ள வெச்சா டிஸ்க் 50 டிகிரிய சாதாரணமா தாண்டும். மாமா வீட்டு பெட்டியும் அங்கதான் இருந்தது, வெளில எடுத்து வெச்சோம்.

3. டிஸ்க் மாத்தறது

இங்கதான் உண்மையான ஆபத்து இருக்கு: கெட்டதை விட்டுட்டு நல்ல டிஸ்க்க உருவிடறது. ஸ்கிரீன்ல காட்டற சீரியல் நம்பரை பேப்பர்ல எழுதிக்கோங்க, `Deactivate Drive` குடுத்துட்டு டிஸ்க்க இழுத்ததும் மேல ஒட்டியிருக்கற லேபிளோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. புது டிஸ்க் அதே சைஸாவோ பெருசாவோ இருக்கணும், சிம் லிம் ஸ்குவேர்ல வாங்கறப்ப சிஎம்ஆர் டிஸ்க்தான் வேணும்னு கேட்டு வாங்குங்க, எஸ்எம்ஆர்ங்கற இன்னொரு வகைல ரீபில்ட், அதாவது நல்ல டிஸ்க்ல இருக்கறதை புதுசுல திரும்ப எழுதறது, ரொம்ப இழுத்தடிக்கும். ரீபில்ட் முடிஞ்சு ஸ்டேட்டஸ் திரும்ப `Healthy` வர்ற வரைக்கும் ஃபர்ம்வேர் பக்கமே போகாதீங்க, அந்த நேரத்துல உங்க டேட்டா ஒத்தை டிஸ்க்லதான் நிக்குது.

4. இப்ப அப்டேட்

ரிலீஸ் நோட்ஸை படிங்க, ஏன்னா டிஎஸ்எம்ல பழைய வெர்ஷனுக்கு திரும்பிப் போக வழி குடுக்கறதில்ல. 2024ல வந்த டிஎஸ்எம் 7.2.2ல வீடியோ ஸ்டேஷனையே எடுத்துட்டாங்க, படிக்காம போட்டவங்களுக்கு படம் பார்க்கற ஆப் இல்லாம போச்சு.

நான் ஃபைலை கம்பெனி டவுன்லோட் பக்கத்துலேர்ந்து எறக்கி கையாலதான் போடுவேன். உங்க மாடல் பேரு ஒரு எழுத்து கூட மாறக்கூடாது. ஃபைல் முழுசா எறங்குச்சான்னு விண்டோஸ் பவர்ஷெல்ல பாருங்க:

```
Get-FileHash .\DSM.pat -Algorithm MD5
```

`DSM.pat`ங்கற எடத்துல நீங்க எறக்குன ஃபைல் பேரை போடுங்க. வர்ற எழுத்தும் டவுன்லோட் பக்கத்துல குடுத்திருக்கற எழுத்தும் ஒன்னா இருக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பரவால்ல.

நேரம் காலைல வெச்சுக்கோங்க. மதியத்துக்கு மேல இடி மழை வர்ற ஊரு இது, வீட்ல ஹீட்டரோ ஏர்கானோ கரண்ட் டிபி பாக்ஸை ட்ரிப் பண்ணாலும் பெட்டி பாதில செத்துடும். யூபிஎஸ் இருந்தா அதுலயே சொருகிடுங்க. யூஎஸ்பி டிஸ்க்க கழட்டுங்க, ஓடிட்டு இருக்கற காப்பி, ஃபோன் ஃபோட்டோ பேக்கப் எல்லாத்தையும் நிறுத்துங்க, லேப்டாப்பை லேன் கேபிள்ல இணைச்சுட்டு `Manual DSM Update`ல ஃபைலை குடுங்க. ஸ்கிரீன்ல எண்ணிக்கை ஓடி முடிஞ்சும் வரலேன்னா பதறாதீங்க, லைட் சிமிட்டிக்கிட்டு இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம், கரண்டை மட்டும் பிடுங்காதீங்க. பூட் ஆனதும் ஒரு பீப் சத்தம் கேக்கும்.

5. முடிஞ்ச அன்னைக்கே

உள்ள போய் வால்யூம் `Healthy`யான்னு பாருங்க, அதே நாலு ஸ்மார்ட் நம்பரை திரும்ப பாருங்க, மொதல்ல திறந்து பார்த்த அதே வீடியோக்களை இப்ப நாஸ்லேர்ந்து ஓட்டிப் பாருங்க. ஷேர் ஃபோல்டர்ல யார் யாருக்கு அனுமதி இருந்துச்சோ அது மாறாம இருக்கான்னும் வீட்ல ஒருத்தரோட ஃபோன்லேர்ந்து பாருங்க. ஒரு வாரம் கழிச்சு ஸ்மார்ட் நம்பரை இன்னொரு தடவை பார்த்து 0 அப்படியே நின்னா யூஎஸ்பி டிஸ்க்ல புது ஃபைலையும் சேர்த்துட்டு கழட்டி வேற வீட்ல குடுத்து வைங்க. மாமாவோடது இப்ப அவரு பொண்ணு வீட்ல, பொங்கோல்ல இருக்கு.