384 தாண்டிவிட்டால் போதுமா? வாட்ஸ்அப் குரூப் சர்வேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சார், 400 பதில் வந்துருச்சு. 384 தாண்டியாச்சு." ப்ராஜெக்ட் சமயத்தில் இதை நான் கேட்காத வருடம் இல்லை. என் ஆய்வேட்டிலும் இதையேதான் எழுதினேன்.

384-ஐ நம்புவது

95% நம்பிக்கை, 5% பிழை என்று வைத்து, எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று கணக்கிட்டால் வரும் எண் அது. ஆனால் அந்தக் கணக்கு சமவாய்ப்பு மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். அதாவது, பட்டியலில் உள்ள எவரும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். குரூப்பில் லிங்க் போட்டு, கைக்குக் கிடைத்தவர்களைச் சேர்ப்பது வசதி மாதிரி. அதற்கு 384 எந்த உத்தரவாதமும் தராது.

என் தலைப்பு, மாணவர்களின் பகுதி நேர வேலை. கல்லூரியில் 2,000 பேர். அதில் விடுதி மாணவர்கள் 600. நான் விடுதியில் இருந்ததால் லிங்க் விடுதி குரூப்களில்தான் சுற்றியது. வந்த 400 பதிலில் 280 விடுதிக்காரர்கள், அதில் 28 பேர் வேலைக்குப் போனார்கள். வீட்டிலிருந்து வருகிறவர்கள் 120 பேரில் 48. மொத்தம் 76, ஆக 19% என்று எழுதிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வி: "இதில் விடுதி எத்தனை பேர்?" சரியான விகிதத்தில் (30க்கு 70) கணக்கிட்டால் 31% வருகிறது. ஒரு அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதினேன். அதே குரூப்களில் இன்னும் 400 பேரைப் பிடித்திருந்தாலும் அதே 19%தான் வந்திருக்கும். எண்ணிக்கை கூடினால் இந்தச் சாய்வு குறையாது.

31 என்பதும் முழு உண்மை இல்லை. சாயங்காலம் கடையில் நிற்கிற பையன் ஃபார்மைத் திறந்தே இருக்க மாட்டான். பதில் சொல்லாதவனை விகிதத்தைத் திருத்திக் கொண்டுவர முடியாது.

பெரிய எண்ணிக்கை ஏமாற்றியதற்குப் பழைய உதாரணமும் உண்டு: 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை தன் கருத்துக்கணிப்புக்கு வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரி வாக்குச்சீட்டுகளை எண்ணி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. தேர்தலில் 48 மாநிலங்களில் 46ஐ அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் பிடித்தார்.

எப்படிக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு குரூப்புக்கும் தனி லிங்க் கொடுங்கள். துறை, ஆண்டு, விடுதியா வீடா என்று கேளுங்கள். அந்த விகிதங்களை அலுவலகப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். நேர முத்திரையையும் பாருங்கள்: முதல் இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பாலான பதில்கள் குவிந்திருந்தால், போனைக் கையில் வைத்திருந்தவர்களின் கருத்துதான் உங்களிடம் இருக்கிறது.

பதில் விகிதம் எழுதுவது

லிங்க்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்றே தெரியாது. எழுதாதீர்கள்.

வேறு வழி

2,000 பேர் பட்டியலில் 1 முதல் 10க்குள் ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு, அங்கிருந்து பத்தில் ஒருவராக 200 பேரை எடுங்கள். வகுப்புக்கே போய்ப் பாருங்கள், வராதவரை மறுநாள் தேடுங்கள். அப்படிக் கிடைக்கும் 160 பதில் என் 400ஐ விட மேல். பட்டியல் தர மறுத்தால், குரூப் சர்வேயைக் கேள்விகள் புரிகிறதா என்று சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தலைப்பில் 'கல்லூரி மாணவர்கள்' என்று போடாமல், எந்தக் குரூப்களில் கேட்டீர்கள் என்று போடுங்கள்.