ஜாதிக்காய்: இரண்டாவது கரண்டியில்தான் வினை

ஜாதிக்காயால் உடம்பு கெட்டுப்போனவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கல் தெரியும். தூக்கத்துக்காக முதலில் எடுத்த அளவு பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் தூக்கம் வரவில்லை என்று மறுபடியும் டப்பாவைத் திறந்திருப்பார்கள். சமையலில் தினமும் புழங்கும் பொருள்தானே, இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன என்ற நினைப்புதான்.

ஜாதிக்காய் மெதுவாக வேலை செய்யும் பொருள். அளவு மீறினால் அதன் விளைவு வெளியே தெரிய பொதுவாக 3 முதல் 6 மணி நேரம் ஆகும். மது குடித்தால் அரை மணியில் ஏறுவது போல இது ஏறாது. அதனால் 'இன்னும் ஒன்றும் தெரியவில்லையே' என்பதை அளவு போதவில்லை என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எதுவும் தெரியாமலிருப்பதுதான் இயல்பு.

ஓர் இரவை மணி வாரியாக எடுத்துப் பார்ப்போம். இரவு 10 மணிக்கு ஒருவர் அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்ப் பொடியை வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிக்கிறார். அது ஏறக்குறைய 1 கிராம். சிட்டிகை என்று பார்த்தால் நாலைந்து சிட்டிகை, ஆக அதுவே சற்று அதிகம். 11 மணிக்குக் கண் சொருகவில்லை என்று ஒரு கரண்டியைக் கோபுரமாக எடுத்துப் போடுகிறார். மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டியில் 2 கிராம் சொச்சம்தான் இருக்கும், கோபுரமாக எடுத்தால் 3 கிராமைத் தாண்டிவிடும். 12 மணிக்கு எரிச்சலில் இன்னொரு அரைக் கரண்டி, அதுவும் கோபுரமாக. மொத்தம் ஏறக்குறைய 6 கிராம் உள்ளே போய்விட்டது. அவரைக் கேட்டால் 'ரெண்டு கரண்டி இருக்கும்' என்பார். பெரியவர்களுக்கே 5 கிராம் அளவிலிருந்து விஷக்குறிகள் தென்படலாம் என்பதுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

அதிகாலை 2 மணிக்கு அவர் விழிப்பது தாகத்தால். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் குடித்தாலும் வாய் ஈரமாகவில்லை. முகம் சூடாகிச் சிவக்கிறது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. 3 மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கூடவே 'ஏதோ நடக்கப்போகிறது, செத்துவிடுவேன்' என்ற பயம். இந்தப் பயம் ஜாதிக்காய் விஷத்தில் அடிக்கடி வருவது, அவருடைய கற்பனை இல்லை. கை கால் தன்னுடையதல்ல என்பது போலவும், ஐந்து நிமிடம் ஒரு மணி நேரமாக நீளுவது போலவும் தோன்றலாம். சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், சிலருக்குச் சிறுநீர் போக வராது. விடிந்த பிறகு படபடப்பு குறைந்தாலும் தலை கனமும் மந்தமும் அந்த நாள் முழுக்க இருக்கும். இரண்டு மூன்று நாள் இழுத்தவர்களும் உண்டு.

தூங்குவதற்காகச் சாப்பிட்டது கடைசியில் ஓர் இரவையும் ஒரு பகலையும் தின்றுவிட்டது.

இது புதிய செய்தியும் அல்ல. 1576இலேயே லோபெலியஸ் என்ற தாவரவியலாளர், 10, 12 ஜாதிக்காய்களைத் தின்று பிதற்றத் தொடங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். செக் உடலியல் அறிஞர் புர்கினே 1829இல் தன்மேலேயே சோதித்துப் பார்த்தார். மூன்று காய்களைத் தின்றுவிட்டு, கனவும் நனவும் மாறி மாறி வந்ததைக் குறித்துவைத்தார். மூன்றே மூன்று காய் என்பதைக் கவனியுங்கள். ஒரு முழு ஜாதிக்காயின் எடை, பருமனைப் பொறுத்து, 5 முதல் 7 கிராம் வரை இருக்கும். அதாவது ஒரே ஒரு காயே எல்லைக்கோட்டில் நிற்கிறது. 'ஒரு காயை அரைத்துக் குடி' என்று யாராவது யோசனை சொன்னால், அது மருந்தளவு இல்லை, விஷ அளவு.

அளப்பதில் வரும் தவறு

சிட்டிகை என்ற சொல் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். ஒரு தேக்கரண்டி பொடியை எடுத்து, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்து, வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாக, அதையும் இரண்டாகப் பிரியுங்கள். எட்டுச் சிறு குவியல் கிடைக்கும். ஒரு குவியல் கால் கிராமுக்குச் சற்று மேலே. ஓர் இரவுக்கு அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம். தாளில் பார்க்கும்போது 'இத்தனூண்டா?' என்று தோன்றும். வீட்டுத் தராசை இதற்கு நம்ப முடியாது. 1 கிராமுக்குக் கீழே பெரும்பாலானவை சரியாகக் காட்டாது.

இன்னொரு சிக்கல், பொடியின் வயது. ஜாதிக்காயின் வீரியம் அதன் எண்ணெயில் இருக்கிறது. காயில் 5 முதல் 15 சதவீதம் வரை ஆவியாகும் எண்ணெய் உண்டு, அதில்தான் மிரிஸ்டிசின், எலமிசின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. திறந்து மாதக்கணக்கில் கிடந்த பொடியில் இந்த எண்ணெய் பறந்துபோய், மணமே இருக்காது. அந்தப் பொடியில் அரைக் கரண்டி போட்டுப் பழகியவர், புதுக் காயை வாங்கித் துருவி அதே அரைக் கரண்டி போட்டால் கணக்கு தப்பும். புதிதாகத் துருவியதாக இருந்தால் குறைவிலிருந்து தொடங்குங்கள்.

ஜாதிக்காய் எண்ணெயை வாயில் விடவே கூடாது என்பதற்கும் இதே கணக்குதான். காயில் 10 சதவீதம் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், 1 மில்லி எண்ணெய் சுமார் 9 கிராம் காய்க்குச் சமம். சிறிய குப்பியில் 'இயற்கை' என்று எழுதியிருப்பதால் இந்தக் கணக்கு மாறாது.

ஜாதிபத்திரி சாதுவா?

காயின் ஓட்டைச் சுற்றிச் சிவப்பு வலை போல ஒட்டியிருந்து, காய்ந்ததும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறுவதுதான் ஜாதிபத்திரி. மணம் சற்று மென்மையாக இருப்பதாலும், பூ இதழ் போல மெலிதாக இருப்பதாலும் இதற்கு ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. காயில் இருக்கும் அதே மிரிஸ்டிசின் இதிலும் இருக்கிறது, எடைக்கு எடை பார்த்தால் அதிகமாகவும் இருக்கலாம். ஓர் இதழின் சிறு துண்டை உணவில் போடுவதில் பயம் இல்லை. ஆனால் 'காய் வேண்டாம், பத்திரி கூடுதலாகப் போடலாம்' என்று மாற்றிக்கொள்வதால் ஒரு லாபமும் இல்லை. இரண்டையும் ஒரே இரவில் எடுத்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

செரிமானத்துக்கு இவை எப்படி என்று கேட்டால், சாப்பாட்டுக்குப் பின் வயிறு உப்பி, ஏப்பம் வராமல் கனமாக இருக்கும்போது ஒரு சிட்டிகை சிலருக்கு இதமாக இருக்கிறது. அதே பொருள் கூடினால் வயிற்றைப் பிசைந்து வாந்தி வரவைக்கும். அளவு கூடியதால் வந்த குமட்டலை அஜீரணம் என்று நினைத்து மேலும் ஒரு சிட்டிகை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வயிற்றுப்போக்குக்கு இதை நம்பி உட்காருவதும் நல்லதல்ல. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான் அங்கே முதல் தேவை, ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் மருத்துவர்.

தூக்க விஷயத்திலும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிட்டிகை அளவு தூக்கம் தரும் என்பது நெடுநாள் பழக்கம் சொல்வது, மனிதர்களிடம் உறுதியாக நிறுவப்பட்ட விஷயமல்ல. என்னைக் கேட்டால், சூடான பாலுக்கும் விளக்கை அணைத்துப் படுப்பதற்கும் பாதிப் பெருமையைக் கொடுத்துவிடுவேன். ஒரு சிட்டிகையில் வராத தூக்கம் ஒரு கரண்டியில் வராது, வருவது மயக்கம். காலையில் தலை கனத்து, நாக்கு உலர்ந்து எழுந்தால் 'நன்றாகத் தூங்கினேன்' என்று சொல்லிக்கொள்ளாதீர்கள், முந்தைய இரவின் அளவு கூடிவிட்டது.

சிலர் மருந்தாக இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அதில் முதலில் வருவார்கள். சின்ன உடம்புக்கு மிகக் குறைந்த அளவே அதிகமாகிவிடும். இரண்டு காய்களைத் தின்ற ஒரு சிறுவன் இறந்துபோனது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. அப்புறம் தூக்க மாத்திரை, மனநல மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்களும் மதுவோடு சேர்ப்பவர்களும். இரண்டும் சேர்ந்தால் எது எதைக் கூட்டும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மறுநாள் காலை வண்டி ஓட்ட வேண்டியவர்கள் அளவு கூடியதாகச் சந்தேகம் வந்தாலே சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கூடிப்போய்விட்டது என்று தெரிந்தால்

விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து உண்டு. 'தூங்கினால் சரியாகிவிடும்' என்று தனியறையில் விட்டுவிடுவதும் தவறு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி, காயா பத்திரியா, வேறென்ன மருந்து என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மீதிப் பொடியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தை தின்றிருந்தாலும், பெரியவர் 5 கிராமை நெருங்கியிருந்தாலும், அறிகுறி தென்படும் வரை வீட்டில் காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே படபடப்போ பிதற்றலோ நெஞ்சுவலியோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அங்கே போய் 'ஜாதிக்காய்' என்று வாய் திறந்து சொல்வதுதான் மிக முக்கியம். வெட்கப்பட்டு மறைத்தால், இதே அறிகுறிகள் பயத் தாக்குதலாகவோ, இதயக் கோளாறாகவோ, போதை மருந்தாகவோ தெரியும். வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையில் ஜாதிக்காய் சிக்காது. வாய் உலர்வதும் முகம் சிவப்பதும் பிதற்றுவதும் ஊமத்தை விஷத்தைப் போலவே இருக்கும். ஊமத்தையில் கண்பாவை பெரும்பாலும் நன்றாக விரிந்திருக்கும், ஜாதிக்காயில் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் வந்தால், வயிற்றில் இருக்கும் விஷத்தை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூள் கொடுப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் பதற்றத்தை அடக்கும் மருந்தும் சொட்டு நீரும் தருவார்கள். பெரும்பாலானவர்கள் ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.