புக்மார்க் குவிக்காமல் ஒரு பாடத்திட்டம்
தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் கற்கப் போகிறீர்களா? வீடியோக்களைத் தேடிச் சேர்க்காதீர்கள். முதலில் ஒரே ஒரு முழுப் பாடத்தின் பொருளடக்கத்தை எடுங்கள். ஹார்வர்டின் இலவச சிஎஸ்50 எஸ்க்யூஎல் பாடத்தில் 7 தலைப்புகள்தான். அவற்றை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் செய்து பார்க்க ஒரு வேலையைக் குறியுங்கள். உதாரணமாக, ஆர்டரே தராதவர்கள் உட்பட எல்லா வாடிக்கையாளர்களையும் ஆர்டர்களோடு பட்டியலிடுவது.

வேலையில் சிக்கினால் மட்டுமே வெளியே தேடுங்கள். மேலே சொன்ன வேலையில் இரு அட்டவணைகளையும் இணைக்க வெறும் `JOIN` எழுதினால் ஆர்டர் இல்லாதவர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போவார்கள். அப்போது தேவைப்படுவது `LEFT JOIN` பற்றிய ஒரு பக்கம், 4 மணி நேர வீடியோ அல்ல. சரியாக ஓடிய குவெரியைக் கோப்பில் ஒட்டுங்கள். இணையச் சுட்டி தேவையென்றால் தலைப்புக்கு ஒன்றுதான். புதியது சேர்த்தால் பழையதை அழித்துவிடுங்கள்.